‘அண்ட்’டுக்கு முன்னால் வரும் கமா பிழையா?

*கேள்வி: ஆங்கிலத்தில் அறிக்கைகளும் ஒப்பந்த வரைவுகளும் எழுதுவது என் வேலை. முன்பு இருந்த அலுவலகத்தில், பட்டியலின் கடைசி ‘அண்ட்’டுக்கு முன்னால் கமா போடாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இங்கே என் மேலாளர் அதே கமாவைச் சிவப்பில் அடித்து ‘கிராமர் மிஸ்டேக்’ என்று எழுதுகிறார். கடைசியாக அவர் அடித்த வரி இது: ‘ரிப்போர்ட்ஸ் மஸ்ட் கோ டு தி பார்ட்னர்ஸ், தி ஆடிட்டர், அண்ட் தி லாயர்.’ ஆக்ஸ்ஃபர்ட் கமா இருந்தால் தப்பா, இல்லாவிட்டால் தப்பா?*

அன்புள்ள வாசகருக்கு,

இருந்தாலும் தப்பில்லை, இல்லாவிட்டாலும் தப்பில்லை. இந்த ஒரு கமாவைப் பற்றி ஆங்கில இலக்கணம் எதையும் கட்டாயமாக்கவில்லை. பதிப்பகமோ பத்திரிகையோ நிறுவனமோ தன் எழுத்து முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று வகுத்துக்கொள்ளும் நடை விதி அது. உங்கள் மேலாளர் ‘நம் அலுவலக வழக்கம் இது’ என்று எழுதியிருந்தால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ‘கிராமர் மிஸ்டேக்’ என்று எழுதியதுதான் சரியில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய வரியில் அந்தக் கமாவை எடுத்தது நல்ல திருத்தமும் அல்ல. அது பொருள் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குப் போகும் முன், எந்தெந்த நிறுவனத்தில் என்ன வழக்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஹோரஸ் ஹார்ட், எழுத்துக் கோப்பவர்களுக்கும் மெய்ப்புத் திருத்துபவர்களுக்கும் என 1893-இல் ஒரு சிறு விதிப் புத்தகம் அச்சிட்டார். 1904-இல் அது வெளியாருக்கும் விற்பனைக்கு வந்தது. கடைசிக் கமாவை விடாமல் போடுவது அந்த அச்சகத்தின் வழக்கம். ஆக்ஸ்ஃபர்ட் கமா என்ற பெயரும் அதனால்தான் வந்தது. அமெரிக்காவில் புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு இந்தக் கமாவை வலுவாகப் பரிந்துரைக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளுக்கான ஏபிஏ, எம்எல்ஏ என்ற நடைக் கையேடுகளும் அதைக் கேட்கின்றன. செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் கையேடோ எளிய பட்டியலில் அது வேண்டாம் என்கிறது. பிரிட்டனிலேயே பெரும்பாலான நாளிதழ்கள் அதைப் போடுவதில்லை. ஒரே மொழியை அன்றாடம் அச்சடிக்கும் இத்தனை பேர் எதிரெதிர் வழக்கத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள் என்றால், அதில் ஒரு பக்கத்தைப் பிழை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி உங்கள் வரிக்கு வருவோம். மேலாளர் திருத்தியபின் அது ‘தி பார்ட்னர்ஸ், தி ஆடிட்டர் அண்ட் தி லாயர்’ என்று நிற்கிறது. உங்கள் நிறுவனத்தைத் தெரியாத ஒருவர் இதைப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர்கள், தணிக்கையாளர், வழக்கறிஞர் என்று மூன்று தரப்புக்கு அறிக்கை போக வேண்டும் என்று அவர் படிக்கலாம். ‘பங்குதாரர்கள், அதாவது அந்தத் தணிக்கையாளரும் வழக்கறிஞரும்’ என்று இரண்டே பேராகவும் படிக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்லி, கமா இட்டு, அதையே வேறு சொல்லால் விளக்குவது அன்றாட வழக்கு. பட்டியலின் கமாவும் விளக்கத்தின் கமாவும் பார்வைக்கு ஒன்றுதான். எது எது என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். தமிழில் இதையே ‘பங்குதாரர்களுக்கும் தணிக்கையாளருக்கும் வழக்கறிஞருக்கும்’ என்று எழுதுவோம்; ஒவ்வொரு சொல்லிலும் ‘உம்’ ஒட்டியிருப்பதால் இந்தச் சந்தேகம் எழவே எழாது. நமக்கு இந்த இடம் சட்டென்று கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் முதலில் எழுதியபடி ‘ஆடிட்டர்’ என்ற சொல்லுக்குப் பின்னும் கமா இருந்தபோது இரண்டு பேர் என்ற வாசிப்புக்கு வழியில்லை. ‘பார்ட்னர்ஸ்’ என்ற பன்மையை ‘ஆடிட்டர்’ என்ற ஒருமை மட்டும் விளக்க முடியாது. ஆகவே மூன்று தரப்பு என்பது உறுதி. உங்கள் வரியில் அந்தக் கமா ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

ஆனால் இதை வைத்து ‘எப்போதும் கமா போட்டால் பத்திரம்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே வரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். பங்குதாரர் ஒருவர்தான் என்று வைத்து ‘தி பார்ட்னர், தி ஆடிட்டர், அண்ட் தி லாயர்’ என்று எழுதினால், இப்போது கமாதான் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. ‘பங்குதாரர் (அவர்தான் தணிக்கையாளர்), பிறகு வழக்கறிஞர்’ என்று இரண்டு பேராகவும் படிக்கலாம். மூன்று பேராகவும் படிக்கலாம். இங்கே கடைசிக் கமாவை எடுத்துவிட்டால் ‘தி பார்ட்னர், தி ஆடிட்டர் அண்ட் தி லாயர்’ என்பது மூன்று பேராக மட்டுமே படிக்க வரும். ஒரு பங்குதாரரை இரண்டு பேரால் விளக்க முடியாதல்லவா? முதல் சொல் பன்மையாக இருந்தால் கடைசிக் கமா காப்பாற்றுகிறது. ஒருமையாக இருந்தால் அதே கமா கெடுக்கிறது. இணையத்தில் கமாவுக்கு ஆதரவாகப் பகிரப்படும் வேடிக்கை உதாரணங்களில் பெரும்பாலும் முதல் சொல் பன்மையாகத்தான் இருக்கும். ஒருமை உதாரணத்தை அதிகம் பேர் எடுத்துக்காட்டுவதில்லை.

அப்படியானால் என்ன செய்வது? நான் திருத்தும் பிரதிகளில் இப்படி ஒரு வரி வந்தால் கமாவைத் தொடுவதே இல்லை, வரிசையை மாற்றிவிடுவேன். விளக்கமாக மயங்க வைக்கும் பொதுச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் போதும்: ‘தி ஆடிட்டர், தி லாயர் அண்ட் தி பார்ட்னர்ஸ்’. இங்கே கடைசிக் கமா இல்லாமலே மூன்று தரப்புதான். உங்கள் மேலாளரின் விதியும் மீறப்படவில்லை, உங்கள் பொருளும் கெடவில்லை. இன்று மாலையே அந்த வரியை அவரிடம் இப்படிக் கொடுத்துப் பாருங்கள், விவாதமே வராது.

கமா இல்லாததால் வழக்கே நடந்ததாமே என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நடந்தது உண்மை. ஒப்பந்தம் எழுதுபவர் என்பதால் நீங்கள் அதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பலர் அதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்று சட்டம். சில வேலைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியல் இப்படிப் போனது: ‘கேனிங், பிராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீசிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்’, அதன் கீழே வேளாண் விளைபொருள், இறைச்சி மற்றும் மீன் பொருள்கள், கெட்டுப்போகக்கூடிய உணவுகள் என்று மூன்று வகைகள். ‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்குப் பின் கமா கிடையாது. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் மிகைநேரக் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் சரக்கை விநியோகம் செய்பவர்கள். மூட்டை கட்டுபவர்கள் அல்ல.

நிறுவனம் சொன்னது: ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பது பட்டியலின் கடைசி உருப்படி, தனி வேலை, ஓட்டுநர்கள் அதைத்தான் செய்கிறார்கள், ஆகவே விலக்கு உண்டு. ஓட்டுநர்கள் சொன்னது: ‘பேக்கிங்’ என்பதுதான் கடைசி உருப்படி, அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ மூட்டை கட்டுவது என்று அதற்குப் பொருள், நாங்கள் மூட்டை கட்டுவதில்லை.

இரு தரப்பும் கமாவை மட்டும் பிடித்துத் தொங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுநர்கள் சொல் வடிவத்தைக் காட்டினார்கள். பட்டியலில் வேலைகள் அத்தனையும் ‘இங்’ என்று முடிகின்றன. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ மட்டும் அப்படி முடியவில்லை. அது ‘ஷிப்மென்ட்’ என்பதோடு ஜோடி சேர்கிற பெயர்ச்சொல். தனி வேலையாக இருந்தால் ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ என்று எழுதியிருப்பார்கள் என்பது அவர்கள் வாதம். நிறுவனம் ‘ஆர்’ என்ற சொல்லைக் காட்டியது. பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன் ஓர் ‘ஆர்’ வந்தாக வேண்டும். ‘பேக்கிங்’ கடைசி என்றால் அதற்கு முன் ‘ஆர்’ எங்கே? அதோடு, மெய்ன் மாநிலச் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் கமாவைப் போடக் கூடாது என்று வரைவாளர்களுக்குச் சொல்கிறது என்பதையும் எடுத்துவைத்தது. இரண்டு பக்கமும் நல்ல வாதம்தான். முதலில் விசாரித்த நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது.

2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் ‘கமா இல்லாதது பிழை’ என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு வாசிப்பும் சாத்தியம், எழுத்தை வைத்து எதையும் உறுதி செய்ய முடியவில்லை என்றது. அப்படிச் சந்தேகம் வந்தால் கூலிச் சட்டங்களைத் தாராளமாக, தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஏற்பப் படிக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. அந்த விதியால்தான் ஓட்டுநர்கள் ஜெயித்தார்கள். மறு ஆண்டு நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கூலிச் சட்டமாக இல்லாமல் வேறு ஏதாவது ஒப்பந்தமாக இருந்திருந்தால் அதே வாக்கியத்துக்கு வேறு தீர்ப்பு வந்திருக்கலாம்.

சட்டமன்றம் அந்த வரியை எப்படிச் சரிசெய்தது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு கமாவைச் சேர்த்துவிட்டு விலகிவிடவில்லை. எல்லா உருப்படிகளுக்கும் இடையில் செமிகோலன் போட்டது. ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பதை ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ என்று மாற்றியது. அதாவது குறியையும் சொல் வடிவத்தையும் சேர்த்தே திருத்தியது. கமாவை ஒதுக்கும் வழக்கம் உள்ள வரைவாளர்கள் அந்த வழக்கத்தை விடாமலேயே மயக்கத்தை நீக்கிவிட்டார்கள்.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. கடைசிக் கமாவை எப்போதும் போடும் அலுவலகத்தில், அது ஓரிடத்தில் இல்லை என்றால் அந்த இல்லாமைக்கு ஒரு பொருள் உண்டு: ‘இவை இரண்டும் ஒரே உருப்படியின் பகுதிகள்’ என்று வாசகர் நம்பலாம். ஒருபோதும் போடாத அலுவலகத்தில் அது இல்லாதது எதையும் சொல்வதில்லை, ஏனென்றால் அது எங்குமே இருக்காது. மெய்ன் வழக்கில் சிக்கல் இறுகியது இதனால்தான். கையேடு கமாவைத் தடுத்திருந்ததால், கமா இல்லை என்பதை ஓட்டுநர்கள் சான்றாக வைக்கும்போது அதன் எடை குறைந்துபோனது. ஆகவே ஒப்பந்தமும் தொழில்நுட்ப ஆவணமும் எழுதும் இடத்தில் எந்த வழக்கம் நல்லது என்று என்னைக் கேட்டால், கடைசிக் கமாவை வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத்தான் சொல்வேன். செய்தியோ அறிவிப்போ எழுதும் இடத்தில் எதுவானாலும் சரி. இது என் தொழில் அனுபவத்தில் வந்த விருப்பம். இதை இலக்கண விதி என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கடைசிக் கமா போடுவதில்லை என்ற வழக்கம் உள்ள இடத்திலும் விதிவிலக்கு உண்டு என்பது உங்கள் மேலாளருக்குப் பயன்படும் தகவல். உருப்படிக்குள்ளேயே ஓர் ‘அண்ட்’ இருந்தால் அசோசியேட்டட் பிரஸ் கையேடும் கடைசிக் கமாவைப் போடச் சொல்கிறது. ‘சேல்ஸ், லீகல் அண்ட் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட்’ என்று ஒரு துறைப் பட்டியல் வந்தால், எங்கே ஒரு துறை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது. ‘லீகல்’ என்பதற்குப் பின் ஒரு கமா வந்தால் தெளிந்துவிடும். எதிர்த்திசையிலும் ஒரு விலக்கு இருக்கிறது: நிறுவனப் பெயர்களில் ‘அண்ட்’ என்று எழுதாமல் அதற்கான `&` குறியைப் போட்டிருந்தால், சிகாகோ கையேடும் அதற்கு முன் கமாவை விட்டுவிடுகிறது. பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும்போதும் அமைப்புகளின் அதிகாரப்பூர்வப் பெயரை எழுதும்போதும் அவர்கள் வைத்திருப்பதையே வைக்க வேண்டும், உங்கள் விதியைத் திணிக்கக் கூடாது.

உண்மையிலேயே பிழை என்று சிவப்பில் அடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. இரண்டே பெயர்கள் சேரும் இடத்தில் நடுவில் கமா போடுவது அவற்றில் அடிக்கடி வருவது. ‘தி ஆடிட்டர், அண்ட் தி லாயர்’ என்று இருவரை மட்டும் எழுதும்போது அந்தக் கமாவுக்கு வேலையே இல்லை. ஆக்ஸ்ஃபர்ட் கமாவைக் கற்றுக்கொண்டவர்கள் பழக்கத்தில் ‘அண்ட்’ வரும் இடமெல்லாம் போட்டுவிடுவார்கள். (அண்ட்டுக்குப் பின் ஒரு முழு வாக்கியம் வந்தால் கணக்கு வேறு, அங்கே கமா வரலாம்.) பட்டியல் முடிந்து வினைச்சொல் தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்குவதற்காக ஒரு கமா போடுவதும் பிழைதான். இவற்றையெல்லாம் விட நான் அதிகம் திருத்துவது, ஒரே ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் கடைசிக் கமா இருந்து ஐந்தாம் பக்கத்தில் இல்லாமல் போவது. நான்கு பேர் சேர்ந்து எழுதிய அறிக்கைகளில் இது நிச்சயம் இருக்கும். இலக்கணப் பிழை இல்லைதான், ஆனாலும் நடைப் பிழை. கமா இல்லாத இடத்தில் அது வேண்டுமென்றே விடப்பட்டதா, மறந்துபோனதா என்று வாசகரால் சொல்ல முடியாது.

இதைக் கண்டுபிடிக்க முழு ஆவணத்தையும் கண்ணால் தேட வேண்டாம். தேடல் பெட்டியில் `, and` என்றும் பிறகு `, or` என்றும் இட்டு, கமா உள்ள இடங்களை ஒரு சுற்றுப் பாருங்கள். அடுத்து கமா இல்லாமல் ` and ` என்றும் ` or ` என்றும் இட்டு மறு சுற்று. இரண்டாவது சுற்றில் முன்பு பார்த்த கமா இடங்களும் இருவர் மட்டும் சேரும் இடங்களுமே நிறைய வரும், அவற்றை விட்டு விடலாம். மூன்றும் அதற்கு மேலும் அடுக்கியிருக்கும் இடத்தில் மட்டும் நின்று, முதல் சொல் பின்வருபவற்றுக்குப் பொதுப்பெயராகப் படிக்க இடம் கொடுக்கிறதா, கடைசி இரண்டும் முன்னால் இருக்கும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது உங்கள் பங்குதாரர் வரி, இரண்டாவது மெய்ன் மாநில வரி. மென்பொருளின் வழக்கமான கமா எச்சரிக்கை இந்த இரண்டையும் உங்களுக்காகக் கேட்காது. நீங்கள் அமைத்துவைத்த விதிப்படி கமா இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது பார்க்கும்.

மேலாளரிடம் பேசும்போது ‘இது இலக்கணப் பிழை இல்லை’ என்று தொடங்க வேண்டாம். அவர் தன் கருத்தைக் காக்கத்தான் பார்ப்பார். ‘நாம் எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறோம்?’ என்று கேளுங்கள். ஒரு கையேட்டின் பெயரைச் சொன்னால் அதையே இருவரும் பின்பற்றலாம். எதுவும் இல்லை என்றால், துறைக்கு ஒரு வரியில் விதி எழுதித் தரட்டுமா என்று கேளுங்கள். ‘எளிய பட்டியலில் கடைசிக் கமா வேண்டாம், உருப்படிக்குள் அண்ட் அல்லது ஆர் வந்தாலோ, கமா இல்லாமல் இரண்டு பொருள் வந்தாலோ போடலாம், வரிசையை மாற்றித் தீர்க்க முடிந்தால் மாற்றவும்.’ இந்த அளவு போதும். அவர் விருப்பமும் இதில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய விலக்கும் இருக்கிறது.

ஒப்பந்த வரைவுகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செய்யுங்கள். பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட பட்டியலை ஒரே வாக்கியத்தில் ஓட விடாமல், உருப்படிக்கு ஒரு வரி என்று உடைத்து, எண்ணோ எழுத்தோ இட்டு எழுதுங்கள். எங்கே ஒன்று முடிகிறது என்பதைச் சொல்ல அங்கே கமாவே தேவைப்படாது. ஏற்கெனவே இரு தரப்பும் கையெழுத்திட்டுவிட்ட ஒப்பந்தத்தில் இப்படி ஒரு மயக்கத்தைக் கண்டால், அடுத்த பிரதியை எடுக்கும்போது சத்தமில்லாமல் ஒரு கமாவைச் சேர்க்கவோ எடுக்கவோ செய்யாதீர்கள். அது நடைத் திருத்தம் ஆகாது, யார் எதற்குக் கட்டுப்பட்டவர் என்பதையே மாற்றிவிடலாம். இரண்டு வாசிப்பையும் தனித்தனியாக எழுதி, எது உத்தேசித்தது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட திருத்தமாகவே அது வர வேண்டும்.